பதிவு செய்தவர்கள் பணம் கட்டவில்லையா? நினைவூட்டல் மின்னஞ்சல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் மா விவசாயிகளுக்காக நடக்கும் ஒரு நாள் கவாத்துப் பயிலரங்கின் பதிவு வேலையைச் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். தருமபுரி, காரிமங்கலம், ஊத்தங்கரைப் பக்கம் இதே போன்ற நிகழ்ச்சிகளை நடத்தும் நண்பர்கள், கட்டணம் வராதவர்களுக்கு மின்னஞ்சல் எழுத உட்காரும்போதெல்லாம் தொலைபேசியில் அழைத்து ஏறக்குறைய ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 2025 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை நடந்த பயிலரங்கையே எடுத்துக்கொள்கிறேன். இடங்கள் 60, மதிய உணவும் தோட்டத்துக்குப் போய்வரும் செலவும் சேர்த்துக் கட்டணம் 500 ரூபாய்.

படிவத்திலேயே கடைசித் தேதி போட்டிருக்கிறோமே, திரும்பவும் எதற்கு ஒரு மெயில்?

படிவம் நிரப்பப்படுவது ஜூலையில். அப்போது தோட்டத்தில் பெங்களூரா அறுவடை நடந்துகொண்டிருக்கும், கூழ் ஆலைக்கு லாரி ஏற்றும் கவலையில் இருப்பார்கள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அதன் அடியில் இருந்த தேதி நினைவில் நிற்காது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் 10 அன்று கணக்கெடுத்தபோது 60 இடங்களுக்கும் பெயர்கள் இருந்தன; ஆனால் 38 பேர்தான் பணம் கட்டியிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் 9 பேர் இருந்தார்கள். மீதி 22 பேரில் சிலரிடம் பேசிப் பார்த்ததில், பெயர் கொடுத்ததாலேயே இடம் உறுதியாகிவிட்டது என்று அவர்கள் நினைத்திருந்தது தெரிந்தது. பதிவு வேறு, கட்டணம் வேறு, இரண்டும் சேர்ந்தால்தான் இடம் என்பதைத் தனியாகச் சொல்வதற்குத்தான் இந்த மின்னஞ்சல்.

கடைசித் தேதியை எதை வைத்து முடிவு செய்வது? நிகழ்ச்சிக்கு முந்தின நாள் என்று வைத்தால் ஆகாதா?

ஆகாது. நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதுவும் நமக்கு வசதியான நாளிலிருந்து அல்ல, நம்மிடம் எண்ணிக்கை கேட்கிறவர்களின் நாளிலிருந்து. எங்கள் சமையல்காரர் புதன்கிழமை காலையில் இலைக் கணக்கைக் கேட்டார். காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகப் பேருந்து பேசியவரும் அன்றைக்கே ஆள் கணக்கைக் கேட்டார். ஐம்பதுக்கு மேல் போனால் கூடவே ஒரு வேனும் பேச வேண்டியிருந்தது. ஆகவே புதன்கிழமை, அதாவது ஆகஸ்ட் 20, எங்களுக்கு அசைக்க முடியாத நாள். அதற்கு முன், வந்த பணத்தைச் சரிபார்க்கவும் காலியான இடங்களுக்குக் காத்திருப்பவர்களை அழைக்கவும் ஒரு முழு நாள் வேண்டும். அது செவ்வாய். எனவே கெடு திங்கட்கிழமை, ஆகஸ்ட் 18.

விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் 15 சுதந்திர தினம், 16 கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. யுபிஐ வழியாக எந்நேரமும் பணம் அனுப்பலாம். நெஃப்ட் முறையும் 2019 டிசம்பரிலிருந்து விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. ஆனால் வங்கிக் கிளைக்கு நேரில் போய்ப் பணம் கட்டுகிறவர்கள் எங்கள் பட்டியலில் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். கெடுவை ஞாயிறு என்று வைத்திருந்தால் அவர்களுக்கு வியாழக்கிழமையோடு வாய்ப்பு முடிந்திருக்கும்.

தேதி மட்டும் போதுமா, நேரமும் எழுத வேண்டுமா?

நேரமும் கிழமையும் எழுத வேண்டும். "ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, மாலை 5 மணி" என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. "வரும் திங்களுக்குள்" என்று எழுதினால், மின்னஞ்சலை மூன்று நாள் கழித்துத் திறப்பவருக்கு அது வேறு திங்களாகிவிடும். "18ஆம் தேதி இரவு 12 மணி" என்பது 18 தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்ற வழக்கு ஒவ்வொரு முறையும் வரும். மாலை 5 மணியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், அதற்குப் பிறகு கணக்கைப் பார்த்து அன்றிரவே பட்டியலை முடித்துவிடலாம் என்பதுதான்.

எத்தனை முறை அனுப்பலாம்? அடிக்கடி அனுப்பினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

இரண்டு முறை போதும். முதலாவது கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 11 திங்கட்கிழமை காலை; இரண்டாவது கெடுவுக்கு முந்தின நாள் ஞாயிறு மாலை, வீட்டில் இருக்கும் நேரத்தில். இரண்டாவதை, முதலாவதற்கு எந்த மறுமொழியும் தராதவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். "வர இயலவில்லை" என்று முதல் மின்னஞ்சலுக்கே நாகரிகமாகப் பதில் எழுதியவருக்கு மறுபடியும் கட்டணம் கேட்டு எழுதினால், அவர் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது.

எங்களுக்கு முதல் மின்னஞ்சலிலேயே 22 பேரில் 11 பேர் பணம் அனுப்பினார்கள், 3 பேர் வர இயலாது என்றார்கள். மீதி 8 பேருக்கு இரண்டாவது போனது. அதில் 5 பேர் கட்டினார்கள். மூவர் கெடு முடியும் வரை பேசவே இல்லை. மூன்றாவது மின்னஞ்சல் இந்த மூவரை அசைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதினால் மிரட்டுவது போல இருக்கிறதே. அதை எப்படி எழுதுவது?

மிரட்டலாக ஒலிப்பது பெரும்பாலும் விளைவு தெளிவாக இல்லாதபோதுதான். "தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல", "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்றெல்லாம் எழுதும்போது என்ன நடக்கப்போகிறது என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை. அதிகாரத் தொனி மட்டும் காதில் விழுகிறது. அதற்குப் பதிலாக, நாம் எந்த நாளில் என்ன செய்வோம் என்பதை அப்படியே எழுத வேண்டும். "அதற்குள் கட்டணம் வந்து சேராவிட்டால் தங்கள் பதிவை விலக்கிக்கொண்டு, ஆகஸ்ட் 19 காலை அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அளிப்போம்" என்ற வாக்கியத்தில் கடுமையான சொல் எதுவும் இல்லை. இடம் ஏன் போகிறது, யாருக்குப் போகிறது, எப்போது போகிறது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே நம் மக்கள் புரிந்துகொள்வார்கள்.

அதோடு, என்ன நடக்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பேசாமல் இருந்துவிட்டால் 500 ரூபாய் கடன்போல் தன் பெயரில் நிற்குமோ, அடுத்த முறை பெயரையே சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற அச்சம் சிலருக்கு உண்மையாகவே இருக்கிறது. பதில் வராததை நாங்கள் விலகலாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம்; சம்மதமாக எடுத்துக்கொண்டு பின்னால் பணம் கேட்பதில்லை.

செய்யப்போகாததை எழுதவே கூடாது. காத்திருப்பவர் ஒருவர்கூட இல்லாமல், கூடத்தில் இருபது நாற்காலி காலியாகக் கிடக்கும் நிகழ்ச்சிக்கு "இடம் பறிபோகும்" என்று எழுதினால், கெடு கடந்து வருகிறவரையும் சேர்த்துக்கொள்ளத்தான் போகிறீர்கள். அது ஊருக்கே தெரிந்துவிடும், அடுத்த முறை உங்கள் தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நிகழ்ச்சியில் உண்மையான விளைவு வேறாக இருக்கும்: "கெடுவுக்குப் பிறகு வருபவர்கள் பயிலரங்கில் கலந்துகொள்ளலாம், மதிய உணவுக்கு எங்களால் ஏற்பாடு செய்ய இயலாது." அதை எழுதினால் போதும்.

ஒரே மெயிலாக எல்லாருக்கும் சேர்த்து அனுப்பிவிடலாமா?

முந்தைய ஒரு முறை நான் அப்படித்தான் செய்தேன். பட்டியலில் இருந்த எல்லாருக்கும், பணம் கட்டியவர்கள் உட்பட, "பதில் வராவிட்டால் பதிவு ரத்தாகும்" என்று போய்ச் சேர்ந்தது. அன்று முழுவதும் தொலைபேசி ஓயவில்லை. பணம் கட்டியவர்கள், தங்கள் பணம் வந்து சேரவில்லை என்று எண்ணிப் பதறினார்கள். ஒருவர் இரண்டாம் முறையும் கட்டிவிட்டார். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கட்டாதவர்களோ, எல்லாருக்கும் வந்த பொது அறிவிப்புதானே என்று விட்டுவிட்டார்கள். தவறு முழுக்க என்னுடையது.

இப்போது முதலில் வங்கிக் கணக்கையும் பதிவுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டாதவர்களை மட்டும் பிரித்தெடுக்கிறேன். 22 பேர் என்றால் தனித்தனியாக, பெயரையும் பதிவு செய்த நாளையும் மாற்றி அனுப்ப ஒரு மணி நேரம் ஆகிறது. ஆள் மிகுதி என்றால் `Bcc` கட்டத்தில் முகவரிகளை இட்டு ஒன்றாக அனுப்பலாம். ஆனால் `To` அல்லது `Cc` கட்டத்தில் இட்டுவிடாதீர்கள். யார் யார் பணம் கட்டவில்லை என்று ஊர் முழுக்கப் பெயரோடு அறிவித்ததாகிவிடும்.

சரி, ஒரு மாதிரி காட்டுங்களேன்?

ஆகஸ்ட் 11 அன்று அனுப்பியது இது. யுபிஐ முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> ஆகஸ்ட் 23, சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் நடைபெறும் மா கவாத்துப் பயிலரங்குக்குத் தாங்கள் ஜூலை 21 அன்று பதிவு செய்தீர்கள். தங்கள் பெயரில் ஓர் இடம் வைத்திருக்கிறோம். கட்டணம் ரூ. 500 இன்று காலை 9 மணி வரை எங்கள் கணக்கில் வந்து சேரவில்லை.
>
> ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, மாலை 5 மணிக்குள் கீழ்க்காணும் கணக்கில் கட்டணத்தைச் செலுத்தி, பரிவர்த்தனை எண்ணை இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். வர இயலாத நிலை என்றால் "வர இயலவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும்.
>
> அந்த நேரத்துக்குள் கட்டணமோ, செலுத்தியதற்கான எண்ணோ வந்து சேராவிட்டால், தங்கள் பதிவை விலக்கிக்கொண்டு, ஆகஸ்ட் 19 காலை அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அளிப்போம். தங்கள் பெயரில் எந்தப் பாக்கியும் இருக்காது. அடுத்த பயிலரங்குக்கு வழக்கம்போல் பதிவு செய்யலாம்.

"இன்று காலை 9 மணி வரை" என்ற தொடரை வேண்டுமென்றே சேர்த்தேன். மின்னஞ்சல் போய்ச்சேர்வதற்குள் பணம் அனுப்பிவிட்டவர் அதைப் படித்து வருந்த மாட்டார். கீழே கணக்கு விவரம் தரும்போது, பணம் அனுப்பும் திரையில் எந்தப் பெயர் தெரியும் என்பதையும் எழுதிவிடுங்கள். கணக்கு பொருளாளரின் சொந்தப் பெயரில் இருந்தால் இது கட்டாயம். பணம் கேட்டு வரும் போலி மின்னஞ்சல்களைப் பற்றி எச்சரிக்கையாக இருப்பவர், தெரியாத பெயரைத் திரையில் பார்த்ததும் நிறுத்திவிடுவார். அவர் செய்வது சரியும்கூட.

தலைப்பு வரியில் "நினைவூட்டல்" என்று போட்டால் போதாதா?

கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தை "நினைவூட்டல்" என்ற சொல்லுக்குக் கொடுத்தால், எதைப் பற்றி, எப்போதைக்குள் என்பது மறைந்துவிடும். நாங்கள் "ஆகஸ்ட் 18 மாலை 5-க்குள்: பயிலரங்குக் கட்டணம் ரூ. 500" என்று எழுதினோம். திறக்காமல் விட்டவருக்கும் தேதி கண்ணில் பட்டிருக்கும்.

தமிழில் அனுப்பினேன், எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக வந்தது என்கிறார்கள். என்ன செய்வது?

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே வெட்டி ஒட்டியிருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். ஒருங்குறியில், அதாவது யுனிகோடில், தட்டச்சு செய்து, அனுப்புவதற்கு முன் உங்கள் கைப்பேசிக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் யாரும் மெயில் பார்ப்பதே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?

வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், ஆனால் மின்னஞ்சலை விட்டுவிடாதீர்கள். குழுவில் காலையில் இட்ட செய்தி, மதியத்துக்குள் வாழ்த்துகளுக்கும் தக்காளி விலைக்கும் அடியில் புதைந்துவிடும். கெடு முடிந்தபின் "எனக்குச் சொல்லவே இல்லையே" என்று ஒருவர் கேட்கும்போது, இன்ன நாளில் இன்ன முகவரிக்கு அவர் பெயருக்கு அனுப்பியது என்று காட்டத் தனி மின்னஞ்சல் உதவுகிறது. கட்டாதவர்களின் பெயர்களைக் குழுவில் போடுவதும் முறையாகாது.

நான் செய்வது இதுதான்: மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக, "அண்ணா, கட்டணம் பற்றி மெயில் அனுப்பியிருக்கிறேன், 18 திங்கள் மாலை 5 மணி கடைசி, இன்பாக்ஸில் இல்லை என்றால் ஸ்பேம் பெட்டியில் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லும் தேதியும் மின்னஞ்சலில் சொன்ன தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

"பணம் போட்டுவிட்டேன்" என்கிறார், கணக்கில் காணோம். பதிவை விலக்கலாமா?

உடனே விலக்கக் கூடாது. மேலே உள்ள மாதிரியில் "செலுத்தியதற்கான எண்ணோ" என்று எழுதியது இவருக்காகத்தான். யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் உண்டு. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் யுடிஆர், யுபிஐ பரிவர்த்தனை எண் போன்ற ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, எண்ணைக் கேட்டு வாங்கி வங்கி அறிக்கையில் தேடுங்கள். பல நேரங்களில் பணம் வந்தே இருக்கும். மகனின் அல்லது மனைவியின் கணக்கிலிருந்து வந்ததால் பெயர் பொருந்தாமல் நாம் கவனித்திருக்க மாட்டோம்.

எண்ணும் இருக்கிறது, நம் கணக்கில் பணமும் இல்லை என்றால், அவர் கணக்கிலிருந்து கழிந்த பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், வணிகர் கணக்குக்கு என்றால் ஐந்து நாட்களுக்குள் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. கெடுவுக்குள் எண்ணை அனுப்பியவரின் இடத்தை அந்தப் பணம் திரும்பும் வரை நாங்கள் வைத்திருப்போம். திரும்பியதும் மறுபடி அனுப்பச் சொல்வோம்.

பணம் கட்டினவர் வர முடியவில்லை என்றால் திருப்பித் தர வேண்டுமா?

கெடுவுக்கு முன் சொன்னால் முழுத் தொகையும் திரும்பும், பிறகு சொன்னால் திரும்பாது, ஆனால் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே தேதியை இரண்டுக்கும் வைப்பதால் குழப்பம் இல்லை. இதை நினைவூட்டலில் எழுத வேண்டியதில்லை. பணம் கட்டியவருக்கு அனுப்பும் ரசீது மின்னஞ்சலில் எழுதினால் போதும்.

கெடு முடிந்த மறுநாள் போன் செய்து கெஞ்சுகிறார், தெரிந்தவர் வேறு. என்ன சொல்வது?

கெடு வரை பேசாமல் இருந்த அந்த மூவரில் ஒருவர் புதன்கிழமை மாலை அழைத்தார். அதற்குள் 54 பேர் கட்டியிருக்க, மீதி 6 இடங்களுக்குக் காத்திருந்த 9 பேரில் ஆறு பேரைச் செவ்வாய்க்கிழமை காலையே வரிசைப்படி அழைத்துப் பணமும் வாங்கியிருந்தோம். இடம் இல்லை என்பது உண்மையாக இருந்ததால் சொல்வதும் எளிதாக இருந்தது: "மாமா, உங்கள் இடம் நேற்றுக் காலை போச்சம்பள்ளிக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் நான்காவதாக உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?" அவருக்கு முன் மூன்று பேர் நிற்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நாம் யாரையும் அழைப்பதற்கு முன்பே அவர் பணத்தோடு வந்திருந்தால்? நான் சேர்த்துக்கொண்டிருப்பேன். மின்னஞ்சலில் நாம் வாக்குக் கொடுத்தது 19 காலை இடத்தை மற்றவருக்கு அளிப்போம் என்பதற்கு. அளிக்கும் வரை காத்திருப்பவர் யாரும் எதையும் இழக்கவில்லை. ஒருவரை அழைத்துச் சொல்லிவிட்டபின் அவரிடமிருந்து இடத்தைத் திரும்ப வாங்கக் கூடாது.

"கட்டாயம் வருகிறேன், பணத்தை அங்கே வந்து தருகிறேன்" என்று பதில் போட்டுவிட்டார். பதில் வந்துவிட்டதே, இடத்தை எப்படி எடுப்பது?

"பதில் வராவிட்டால்" என்று மட்டும் எழுதியிருந்தால் எடுக்க முடியாது. நாம் கேட்டபடி அவர் பதில் போட்டுவிட்டார். முந்தைய நினைவூட்டல்களில் நான் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் இப்படிப் பதில் எழுதினார்கள், அவர்களில் பாதிப் பேர் வரவில்லை, அவர்களுக்கான சாப்பாடு மீந்தது. அதனால்தான் மாதிரியில் விளைவைப் பதிலோடு கட்டாமல் கட்டணத்தோடு கட்டியிருக்கிறேன்.

இப்போது இப்படி ஒருவர் எழுதினால், அன்றைக்கே மறுமொழி அனுப்புகிறேன்: "தங்கள் பதிலுக்கு நன்றி. அரங்கில் பணம் பெறும் ஏற்பாடு இல்லை. 18 மாலை 5 மணிக்குள் கட்டணம் வந்தால் தங்கள் இடம் உறுதி." யுபிஐ தெரியாத பெரியவர் என்றால், காவேரிப்பட்டணத்திலும் பர்கூரிலும் எங்கள் உறுப்பினர் ஒருவர் கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்த்து எழுதுகிறேன், அதற்கும் கெடு அதே திங்கட்கிழமை மாலை 5 மணிதான்.